எந்த நாளிலிருந்து எண்ணுவது? காப்பீட்டு ஆணையத்தின் வினாவும் நிறுவனத்தின் விடையும்

இந்தியாவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மீது பாலிசிதாரர் ஒருவர் புகார் அளித்து, அதில் விடை தேட வேண்டிய கேள்வி இருப்பதாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் கருதினால், ஐதராபாத்திலுள்ள அதன் தலைமை அலுவலகத்திலிருந்து நிறுவனத்துக்கு ஒரு கடிதம் செல்லும். நடந்தவற்றைக் காலவரிசைப்படி தெரிவிக்கவும், ஆவணங்களை இணைக்கவும், தவறு இருந்தால் அதைத் திருத்த எடுத்த நடவடிக்கையைக் குறிப்பிடவும் அக்கடிதம் கேட்கும். அதற்கு நிறுவனம் எழுதும் விடை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் எதிர்வாதத்தைப் போன்றதன்று. வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பும் ஆறுதல் கடிதத்தைப் போன்றதுமன்று. ஆணையம் தனிநபர் புகார்களில் தீர்ப்பு வழங்கும் அமைப்பாகச் செயல்படுவதில்லை. பாலிசிதாரருக்கும் நிறுவனத்துக்கும் இடையில் தீர்ப்பளிக்கும் பணி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் நுகர்வோர் ஆணையங்களுக்கும் உரியது. நிறுவனம் விதிப்படி நடந்ததா என்பதே ஒழுங்குமுறை ஆணையத்தின் கேள்வி.

இந்த வினாவை எழுப்பும் அதிகாரம் 1999ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையச் சட்டத்தின் 14ஆம் பிரிவிலிருந்து வருகிறது. பாலிசிதாரர்களின் நலனைக் காப்பதையும், நிறுவனங்களிடமிருந்து தகவல் கோரிப் பெறுவதையும் அப்பிரிவு ஆணையத்தின் பணிகளாக வகுத்துள்ளது. கேட்ட தகவலைத் தராத நிறுவனத்துக்கு 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 102ஆம் பிரிவின்படி நாள் கணக்கில், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அபராதம் விதிக்க இயலும். அபராதத்துக்கு அஞ்சி நிறுவனங்கள் பெரும்பாலும் உரிய நாளுக்குள் விடை அனுப்பிவிடும் என்பதால், விடை வந்ததா என்பதைவிட அந்த விடை எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதே ஆராயத்தக்கது. அதைப் பொதுவாகப் பேசுவதால் பயன் குறைவு. ஆகவே இங்கே ஒரு மருத்துவக் காப்பீட்டுப் புகார் எடுத்துக்காட்டாக அமைக்கப்பட்டுள்ளது. அதில் வரும் பாலிசிதாரர், நிறுவனம், நாள்கள், தொகைகள் ஆகியவை விளக்கத்துக்காகக் கற்பித்தவை. அவற்றின் மீது பொருத்திப் பார்க்கப்படும் விதிகள் உண்மையானவை.

திருச்சியைச் சேர்ந்த ஒருவர் 2020 பிப்ரவரி 10 அன்று ஒரு நிறுவனத்தில் மூன்று லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, இடைவெளியின்றிப் புதுப்பித்துவந்தார். 2023 பிப்ரவரி 10 அன்று அந்தப் பாலிசியை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றி, காப்பீட்டுத் தொகையை ஐந்து லட்சமாக உயர்த்திக்கொண்டார். இப்படி மாற்றுவதற்குப் போர்ட்டபிலிட்டி என்று பெயர். பழைய நிறுவனத்தில் கழிந்த காலம் பழைய காப்பீட்டுத் தொகையின் அளவுக்குப் புதிய நிறுவனத்திலும் கணக்கில் சேரும் என்பதே அதன் பயன். 2025 மே 19 அன்று நெஞ்சுவலியுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டது. கேஸ் ஷீட்டில் ‘ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்’ என்ற குறிப்பு இருந்தது. முதல் பாலிசிக்கான முன்மொழிவுப் படிவத்திலும், மாற்றும்போது அளித்த படிவத்திலும் சர்க்கரை நோய் பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்றே எழுதியிருந்தார். நிறுவனம் கேஷ்லெஸ் அனுமதியை மறுத்தது. அவர் கையிலிருந்து 2,84,600 ரூபாய் கட்டி மே 22 அன்று வீடு திரும்பினார். ஜூன் 2 அன்று ஆவணங்களுடன் இழப்பீட்டுக் கோரிக்கை அளித்தார். உண்மையை மறைத்தார் என்ற காரணத்தைக் காட்டி அதையும் நிறுவனம் நிராகரித்தது.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு ஜூன் 30 அன்று அவர் எழுதிய கடிதத்துக்கு ஜூலை 11 அன்று, நிராகரிப்புக் கடிதத்தின் வாசகங்களையே திருப்பிச் சொன்ன பதில் வந்தது. ஜூலை 18 அன்று ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்தில் புகார் பதிந்தார். ஜூலை 29 அன்று நிறுவனம் அப்புகாரைத் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து முடித்துவைத்தது. அவர் அதை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 12 அன்று ஆணையத்தின் வினா நிறுவனத்துக்கு வந்தது. பத்து நாள்களுக்குள் விடை தரவேண்டும் என்று அக்கடிதமே கெடு விதித்திருந்தது.

புகாரில் அவர் சொன்னவை மூன்று: தனக்கு நியாயம் மறுக்கப்பட்டது, நிராகரிப்புக் கடிதம் தாமதமாக வந்தது, தொலைபேசியில் அழைத்தால் யாரும் சரியாகப் பேசவில்லை. அவருடைய வழக்கை முடிவுசெய்யக்கூடிய விதி இம்மூன்றில் எதிலும் இல்லை. அப்படியொரு விதி இருப்பதே அவருக்குத் தெரியாது. மருத்துவக் காப்பீட்டில் மொரட்டோரியம் என்று ஒரு காலவரம்பு உண்டு. தொடர்ச்சியாக அறுபது மாதங்கள் காப்பீட்டில் இருந்தபின், உண்மையை மறைத்தார் என்றோ தவறாகத் தெரிவித்தார் என்றோ காரணம் காட்டி நிறுவனம் பாலிசியையோ கோரிக்கையையோ கேள்விக்குள்ளாக்க இயலாது. நிரூபிக்கப்பட்ட மோசடி மட்டுமே இதற்கு விலக்கு. முன்பு எட்டு ஆண்டுகளாக இருந்த இவ்வரம்பு 2024இல் ஐந்து ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. போர்ட்டபிலிட்டி மூலம் மாறியவர்களுக்குப் பழைய நிறுவனத்தில் கழிந்த காலமும் இதில் சேரும். திருச்சிக்காரர் மருத்துவமனையில் சேர்ந்த நாளில் அவருக்கு அறுபத்து மூன்று மாதங்கள் முடிந்திருந்தன. நிறுவனத்தின் கணினியோ இருபத்தேழு மாதங்கள் என்று காட்டியது.

ஆகவே இப்புகாரில் இரண்டு உண்மைகள் அருகருகே நிற்கின்றன. அவர் சர்க்கரை நோயைச் சொல்லாமல் விட்டார் என்று நிறுவனம் கண்டறிந்தது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் காரணத்தைக் கொண்டு கோரிக்கையை மறுக்கும் உரிமை 2025 பிப்ரவரியிலேயே காலாவதியாகிவிட்டது. கேட்ட மூன்று கேள்விகளுக்கு மட்டும் நிறுவனம் விடை எழுதினால், ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகவே இருந்தும் விடை முழுவதும் பொய்யாகிவிடும். புகார்தாரருக்குத் தெரியாததும் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியதுமான விதியை எழுத்தில் கொண்டுவருவதே உண்மையான விடையின் முதல் கடமை என்று கொள்ள வேண்டும். ஆணையம் ‘புகாருக்குப் பதில் தருக’ என்று மட்டும் கேட்பதில்லை. நடந்ததைத் தெரிவிக்கச் சொல்கிறது.

நடந்ததைத் தெரிவிக்கும் கருவி காலவரிசை. பல நிறுவனங்களின் முதல் வரைவுகளில் இது ஏழெட்டு வரிகளில் அடங்கிவிடும்: பாலிசி தொடங்கிய நாள், அனுமதிக்கப்பட்ட நாள், கோரிக்கை வந்த நாள், நிராகரித்த நாள், புகார் வந்த நாள், பதில் தந்த நாள். இந்த வரிகளைக் கோரிக்கைப் பிரிவின் கணினித் திரையிலிருந்து அப்படியே எடுத்து எழுதுவது வழக்கம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் இரண்டு நாள்கள் உண்டு: அது உண்மையில் நடந்த நாள், அது பதிவேட்டில் ஏறிய நாள். இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை எதைக் குறிப்பிட்டாலும் குற்றமில்லை. வேறுபடும் இடத்தில் இரண்டையும், ஒவ்வொன்றும் எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் எழுதாத காலவரிசையை ஆணையத்தின் ஆய்வாளர் நம்புவதற்கு அடிப்படை இல்லை.

எடுத்துக்காட்டுக்கு நிராகரிப்புக் கடிதத்தையே பார்க்கலாம். கடிதத்தின் தலைப்பில் ஜூன் 16 என்று இருக்கிறது. கேஷ்லெஸ் அல்லாத மருத்துவக் கோரிக்கைகளைப் பதினைந்து நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது 2024இல் வந்த விதி. ஜூன் 2 அன்று வந்த கோரிக்கைக்கு ஜூன் 17 வரை அவகாசம் இருந்ததால், கடிதத்தின் தேதியை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே தோன்றும். ஆனால் புகார்தாரரோ கடிதம் தாமதமாக வந்தது என்கிறார். அஞ்சல் அனுப்புகைப் பதிவேட்டைத் திறந்தால் அது ஜூன் 27 அன்றுதான் அனுப்பப்பட்டிருக்கிறது. பதினொரு நாள் இடைவெளிக்கு அஞ்சல் துறையைக் குறைசொல்லித் தப்ப வழியில்லை. கடிதம் நிறுவனத்தின் கட்டடத்தை விட்டே வெளியேறவில்லை. காரணம் என்ன என்று இன்னும் ஒரு படி கீழே இறங்கினால், ஜூன் 25 அன்று நடந்த கோரிக்கை மறுஆய்வுக் குழுவின் கூட்டக் குறிப்பு கிடைக்கிறது. மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கை எதையும் நிறுவனத்தின் தயாரிப்பு மேலாண்மைக் குழுவோ, அதன் மூன்று பேர் கொண்ட துணைக்குழுவான கோரிக்கை மறுஆய்வுக் குழுவோ ஒப்புதல் தராமல் நிராகரிக்கக் கூடாது என்று ஆணையத்தின் 2024 மே 29 தேதியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை சொல்கிறது. ஜூன் 16 என்பது கோரிக்கைப் பிரிவின் மதிப்பீட்டாளர் வரைவைத் தயாரித்த நாள். கணினி அந்த நாளையே கடிதத்தின் தேதியாகப் பதித்துவிட்டது. முடிவு எடுக்கப்பட்டது ஜூன் 25 அன்று. அதாவது, விதித்த கெடுவுக்கு எட்டு நாள்கள் பிந்தி.

இந்த ஒரு வரியைச் சரியாக எழுதினால் மூன்று விஷயங்கள் வெளிவருகின்றன. முடிவு தாமதமானது என்பது ஒன்று. குழுவின் ஒப்புதலின்றி நிராகரிக்கவில்லை என்பது நிறுவனத்துக்குச் சாதகமான மற்றொன்று. வரைவு நாளைக் கடிதத் தேதியாகப் பதிக்கும் வழக்கம் இந்த ஒரு கோப்போடு நிற்காது என்பது மூன்றாவது. எல்லா நிராகரிப்புக் கடிதங்களும் அதே அச்சில்தான் வெளிவருகின்றன. நிறுவனம் ஆணையத்துக்குத் தவறாமல் அனுப்பும் காலக்கெடு அறிக்கைகளும் அந்தக் கடிதத் தேதியிலிருந்தே தொகுக்கப்பட்டிருந்தால், அவையும் பிழையானவை. ஒரு புகாருக்கான விடையைத் தயாரிக்கும்போது இப்படிப்பட்ட கண்டுபிடிப்பு நேரும் என்பதாலேயே, அந்தப் பணியைக் கோரிக்கையை நிராகரித்த பிரிவிடம் ஒப்படைக்கக் கூடாது. ஜூலை 11 தேதியிட்ட பதில், புகாருக்குப் பதில் தர விதித்த பதினான்கு நாள் கெடுவுக்குள் போயிருந்தும் பயனற்றுப் போனதற்குக் காரணம் அதுவே: குறைதீர் அலுவலர் புகாரைக் கோரிக்கைப் பிரிவுக்கு அனுப்பினார், முன்பு நிராகரித்த அதே மதிப்பீட்டாளர் அதே திரையைப் பார்த்து அதே இருபத்தேழு மாதங்களைக் கண்டு அதே பதிலை எழுதினார். இதைப் பரிசீலனை என்று சொல்ல இயலாது.

காலவரிசையின் இன்னொரு வரி கேஷ்லெஸ் மறுப்பு. புகார்தாரர் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மருத்துவமனையின் கேஷ்லெஸ் வேண்டுகோள் மே 19 காலை 11.10 மணிக்கு, நிறுவனத்தின் சார்பில் கோரிக்கைகளைக் கையாளும் டிபிஏ எனப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகியின் கணினிக்கு வந்தது. மறுப்பு மறுநாள் மாலை 4.40 மணிக்குப் போனது. இடையில் கூடுதல் ஆவணம் எதுவும் கேட்கப்படவில்லை. கேஷ்லெஸ் வேண்டுகோளின் மீது உடனடியாக, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள், முடிவெடுக்க வேண்டும் என்று மேற்சொன்ன சுற்றறிக்கை பணிக்கிறது. நிகழ்ச்சிகளுக்கு நாளை மட்டும் எழுதும் வழக்கமுள்ள நிறுவனம் ‘மே 19 வேண்டுகோள், மே 20 மறுப்பு’ என்று எழுதிக் கடந்துவிடும். மணியும் நிமிடமும் எழுதினால்தான் மீறல் தெரியும். விதி மணிக்கணக்கில் இருக்கும் இடத்தில் காலவரிசையும் மணிக்கணக்கில் இருக்க வேண்டும் என்பது எளிய அளவுகோல். அந்த இருபத்தொன்பதரை மணி நேரத்தில் அந்தக் குடும்பம் பணத்துக்கு அலைந்திருக்கும் என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. ஆனால் அந்த நேரத்தை மறைக்காமல் எழுதுவது நிறுவனம் அவர்களுக்குச் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

புகாரில் உள்ள தொலைபேசிக் குறையையும் ஒதுக்கிவிடக் கூடாது. அழைப்புப் பதிவுகளில் அவருடைய எண்ணிலிருந்து வந்த மூன்று அழைப்புகள் இருக்கின்றன. இரண்டு காத்திருப்பிலேயே துண்டிக்கப்பட்டன, ஒன்றில் ‘கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் கிடைத்தது. இதை இரண்டு வாக்கியங்களில் சொல்லி, அந்த ஒலிப்பதிவை இணைத்தால் போதும்.

காலவரிசை முழுமையடைந்ததும் நிறுவனத்துக்குள் ஒரு சோதனை வருகிறது. மறுத்த காரணம் நிற்காது என்று தெரிந்தவுடன், நிற்கக்கூடிய வேறொரு காரணத்தைத் தேடும் எண்ணம் எழும். மொரட்டோரியத்துக்கு மோசடி விலக்கு என்பதால், ‘இவர் வேண்டுமென்றே மறைத்தார், ஆகவே இது மோசடி’ என்று ஆணையத்துக்கு எழுதிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். இது இரண்டு காரணங்களால் தவறு. நிரூபிக்கப்பட்ட மோசடி என்பது விதியின் சொல்லாட்சி. படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருப்பதும், உடன் வந்தவர் எவரோ சொல்லக் கேட்டு மருத்துவமனை ஊழியர் எழுதிய ‘ஏழு ஆண்டுகள்’ என்ற குறிப்பும் சேர்ந்து ஏமாற்றும் நோக்கத்தை நிரூபித்துவிடா. 2018 அல்லது 2019இல் அவர் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கிய சீட்டோ, பரிசோதனை அறிக்கையோ நிறுவனத்தின் கையில் இல்லை. ஜூன் 9 அன்று கேட்கப்பட்டு ஜூன் 13 அன்று அவர் அளித்த பழைய ஆவணங்களிலும் அவை இல்லை. இரண்டாவது காரணம் சட்டம் சார்ந்தது. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உறுதிப்படுத்தியது. 2016இல் கலடா பவர் வழக்கிலும் அதே திசையில் சொல்லியிருந்தது. அவை மருத்துவக் காப்பீட்டு வழக்குகள் அல்ல என்றாலும், அந்தக் கோட்பாடு காப்பீட்டு ஒப்பந்தம் முழுமைக்கும் பொருந்தும் தன்மையுடையது. ஆணையத்துக்கு எழுதும் விடை நடந்து முடிந்த முடிவை விளக்கும் ஆவணம். புதிய முடிவை நுழைப்பதற்கான வாசல் ஆகாது.

நிறுவனத்தின் சட்டப் பிரிவு கவலைப்படும் இன்னொன்றும் நியாயமானதே. ஆணையத்துக்கு எழுதிய ஒப்புதல் நாளை குறைதீர்ப்பாளர் முன்போ நுகர்வோர் ஆணையத்திலோ நிறுவனத்துக்கு எதிராகக் காட்டப்படலாம். ஆகவே ‘நிறுவனத்தின் சட்ட உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்ற வாசகத்தைச் சேர்ப்பார்கள், சேர்ப்பதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கவலை வாக்கியங்களுக்குள் புகுந்து, செய்தவர் யார் என்பதை அழித்துவிடும்போது விடையே பழுதாகிறது. ‘செயல்முறைக் காரணங்களால் சிறிது காலதாமதம் நேர்ந்துவிட்டது’ என்று எழுதுபவர் எதையும் தெரிவிக்கவில்லை. அதே செய்தியை இப்படி எழுதலாம்: ‘கோரிக்கை 2025 ஜூன் 2 அன்று பெறப்பட்டது. கோரிக்கை மறுஆய்வுக் குழு ஜூன் 25 அன்று முடிவெடுத்தது; விதித்த பதினைந்து நாள் கெடு ஜூன் 17 அன்று முடிந்திருந்தது. நிராகரிப்புக் கடிதத்தில் காணப்படும் ஜூன் 16 என்பது வரைவு தயாரித்த நாளாகும். கடிதம் அனுப்பப்பட்டது ஜூன் 27 அன்று. இணைப்பு 6: கூட்டக் குறிப்பு, இணைப்பு 7: அனுப்புகைப் பதிவேட்டுப் பக்கம்.’ இதில் மன்னிப்பும் இல்லை, வாதமும் இல்லை. ஆயினும் ஆய்வாளர் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி எதுவும் மிஞ்சவில்லை.

திருத்த நடவடிக்கை என்ற பகுதிக்கு வரும்போது பெரும்பாலான விடைகள் மெலிந்துவிடுகின்றன. கோரிக்கை தீர்க்கப்பட்டது, சம்பந்தப்பட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது, இனி இவ்வாறு நேராது என்ற மூன்று வாக்கியங்களோடு கடிதம் முடிந்துவிடும். இந்த எடுத்துக்காட்டில் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது பிழையை ஒரு துளியும் திருத்தாது. மதிப்பீட்டாளர் விதியை அறிந்தவரே, அவர் பார்த்த திரைதான் தவறான எண்ணைக் காட்டியது. எனவே காரணத்தைக் கண்டுபிடிக்காமல் எழுதப்படும் திருத்தம் வெறும் வாக்குறுதியாகவே நிற்கும்.

முதலில் இவருக்குச் செய்ய வேண்டியது. ஆகஸ்ட் 14 அன்று கோப்பு மீண்டும் திறக்கப்பட்டு, ஆகஸ்ட் 18 அன்று மறுஆய்வுக் குழு முந்தைய முடிவை விலக்கிக்கொண்டது. மருத்துவமனைக் கட்டணத்தில் கையுறை, பதிவுக் கட்டணம் போன்று பாலிசியில் அடங்காத 6,400 ரூபாய் போக 2,78,200 ரூபாய் ஏற்கப்பட்டது. மொரட்டோரியத்தின் பாதுகாப்பு முதல் பாலிசியின் மூன்று லட்சம் ரூபாய்க்கே உரியது. உயர்த்திய இரண்டு லட்சத்துக்கு அறுபது மாதம் இன்னும் ஆகவில்லை. ஏற்கப்பட்ட தொகை மூன்று லட்சத்துக்குள் இருப்பதால் முழுவதும் பாதுகாப்புக்குள் வருகிறது. இதை விடையில் எழுதுவது தேவை; ஏனெனில் கோரிக்கை நான்கு லட்சமாக இருந்திருந்தால் முடிவு வேறாக அமைந்திருக்கும் என்பதை ஆணையமும் பாலிசிதாரரும் அறிய வேண்டும். தாமதத்துக்கான வட்டி வங்கி விகிதத்துக்கு மேல் இரண்டு சதவீதம். வங்கி விகிதம் என்பது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் விகிதம். நிதியாண்டின் தொடக்கமான 2025 ஏப்ரல் 1 அன்று அது 6.50 சதவீதமாக இருந்ததால் வட்டி 8.50 சதவீதம் ஆகிறது. இந்தப் பாலிசியின் வாசகப்படி கோரிக்கை பெற்ற நாளிலிருந்து, அதாவது ஜூன் 2 முதல் பணம் செலுத்திய ஆகஸ்ட் 19 வரையிலான எழுபத்தெட்டு நாள்களுக்கு 5,053 ரூபாய் வட்டி. இந்தக் கணக்கை முழுவதும் காட்ட வேண்டும். ‘விதிப்படி வட்டியுடன் வழங்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணினார்கள் என்பது மறைந்துவிடும்.

அடுத்தது காரணம். பாலிசியின் பதிவில் இரண்டு தேதிக் கட்டங்கள் உண்டு: இந்த நிறுவனத்தில் பாலிசி தொடங்கிய நாள், எந்த நிறுவனத்திலாயினும் முதன்முதலாகக் காப்பீடு தொடங்கிய நாள். 2022 அக்டோபரில் நிறுவனம் புதிய மென்பொருளுக்கு மாறியபோது, போர்ட்டபிலிட்டி மூலம் வரும் பாலிசிகளுக்கு இரண்டாவது கட்டத்திலும் முதல் கட்டத்தின் தேதியே தானாக நிரம்பும்படி அமைந்துவிட்டது. பழைய நிறுவனம் அனுப்பிய காப்பீட்டு வரலாறு வராமல் போகவில்லை. 2023 பிப்ரவரி 3 அன்றே வந்து, பாலிசி வழங்கும் பிரிவின் கோப்பில் ஓர் இணைப்பாகக் கிடந்தது. கோரிக்கைப் பிரிவு பார்க்கும் திரைக்கு அது வரவில்லை. தகவல் நிறுவனத்திடம் இருந்தது, முடிவெடுப்பவரிடம் இல்லை. காப்பீட்டுப் புகார்களில் இது அடிக்கடி காணப்படும் நோய்.

காரணம் இதுவென்று தெரிந்ததும் பாதிப்பின் எல்லையும் மாறிவிடுகிறது. இங்குதான் நிறுவனத்தின் நேர்மை கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. முதலில் தோன்றும் தேடல் எளியது: 2024 ஏப்ரலுக்குப் பிறகு, மாறிவந்த பாலிசிகளில் உண்மை மறைப்புக் காரணத்தால் நிராகரித்த கோரிக்கைகளை எடுத்து, உண்மையான முதல் தேதியைக் கொண்டு மீண்டும் எண்ணுவது. ஆனால் அதே தேதிக் கட்டத்தைப் பயன்படுத்தும் இன்னொரு கணக்கும் உண்டு. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்குக் குறிப்பிட்ட காலம் வரை காப்பீடு கிடையாது. காத்திருப்புக் காலம் எனப்படும் அது அதிகபட்சம் முப்பத்தாறு மாதங்கள் இருக்கலாம். அதையும் கணினி தவறான தேதியிலிருந்தே எண்ணிவந்திருக்கும். தங்கள் நோயை ஒளிவுமறைவின்றிச் சொன்ன பாலிசிதாரர்களின் கோரிக்கைகள் ‘காத்திருப்புக் காலம் முடியவில்லை’ என்ற காரணத்தால் மறுக்கப்பட்டிருக்கும். ஒரே பிழை அங்கு வேறொரு பெயரில் நிற்கிறது. உண்மை மறைப்பு என்ற சொல்லை வைத்துத் தேடும் நிறுவனத்தின் கண்ணில் அவர்கள் படமாட்டார்கள். அவர்கள் புகார் அளித்திருக்கவும் மாட்டார்கள், ஏனெனில் மறுப்புக் கடிதம் படிப்பதற்கு நியாயமாகவே தெரியும். அந்தக் கோரிக்கைகளையும் தேடலில் சேர்த்து, 2022 அக்டோபர் வரை பின்னோக்கிப் போய், தவறாக மறுக்கப்பட்டவர்களுக்கு அவர்கள் கேட்காமலேயே வட்டியுடன் பணம் தருவதே இப்பிழைக்குப் பொருத்தமான திருத்தம். கேஷ்லெஸ் மறுப்பைக் கண்டு கோரிக்கையே அளிக்காமல் விட்டவர்களின் வேண்டுகோள்களையும் இதில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மென்பொருளைச் சரிசெய்ததாக எழுதுவதும் போதாது. சரியானது என்பதற்குச் சான்று தேவை. மாறிவந்த பாலிசிகளில் சிலவற்றைத் தேர்ந்து, பழைய நிறுவனம் அனுப்பிய வரலாற்றுத் தாளையும் இப்போது கோரிக்கைத் திரையில் தெரியும் தேதியையும் உள் தணிக்கைப் பிரிவு அருகருகே வைத்து ஒப்பிட்ட முடிவை இணைக்கலாம். கடிதத் தேதி அனுப்புகை நாளிலிருந்து பதியும்படி மாற்றியதையும், குறைதீர் அலுவலருக்கு வரும் புகார் முதலில் முடிவெடுத்தவரிடம் திரும்பாதபடி பிரித்ததையும் இதே முறையில் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான பதவியும் முடிக்கும் நாளும் குறிக்கப்பட வேண்டும். முடியாத வேலையை முடிந்ததாக எழுதக் கூடாது. ஆகஸ்ட் 21 அன்று விடை அனுப்பும்போது பின்னோக்கிய தேடல் நடந்துகொண்டிருந்தால், அது நடந்துகொண்டிருப்பதாகவும் முடிவு எந்த நாளில் தெரிவிக்கப்படும் என்றும் சொல்வதே சரி. காலவரிசையில் உள்ள ஒவ்வொரு பிழை வரிக்கும் நேரான ஒரு திருத்தமும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதைத் தூண்டிய ஒரு பிழை வரியும் இருக்கின்றனவா என்று ஆய்வாளர் விரல் வைத்துப் பார்ப்பார். இணையில்லாத வரி எந்தப் பக்கம் நின்றாலும் அடுத்த வினா அங்கிருந்தே எழும்.

பீமா பரோசாவில் ஜூலை 29 அன்று இட்ட ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்பையும் விடையில் விட்டுவிட இயலாது. அன்று எதுவும் தீர்க்கப்படவில்லை. பழைய பதிலின் நகல் மீண்டும் ஏற்றப்பட்டது. அப்படி முடித்துவைத்த புகார்கள் எத்தனை என்ற கேள்வியை ஆணையம் எழுப்பும் முன்பே நிறுவனம் தன்னிடமே எழுப்பிக்கொள்வது நல்லது, ஏனெனில் அத்தகைய குறிப்பைப் பார்த்து முயற்சியைக் கைவிட்டவர்கள் பலர் இருக்கக்கூடும். அவர்கள் செல்லக்கூடிய இடம் இன்னும் ஒன்று உண்டு. நிறுவனத்தின் இறுதி மறுப்பு கிடைத்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் ஐம்பது லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க உத்தரவிட இயலும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

மருத்துவக் காப்பீட்டை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொண்டவர்கள், புதிய பாலிசியின் அட்டவணைப் பக்கத்தில் முதன்முதலாகக் காப்பீடு தொடங்கிய நாள் என்ற இடத்தில் எந்தத் தேதி இருக்கிறது என்பதை இப்போதே எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே மாற்றிய நாள் மட்டும் இருந்தால், பழைய பாலிசிகளின் நகல்களை இணைத்து எழுத்து மூலம் திருத்தக் கோரி, திருத்திய அட்டவணையைக் கையில் வாங்கும்வரை அந்தப் பழைய தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது நல்லது.